மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ்? "விதி" என்று சொன்னால் மகள் ஒப்பவில்லை

கொடிமுல்லை

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முழுக்களின் பெருக்கலும் வகுத்தலும் கலந்த பயிற்சித் தாள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள், திருத்தி வந்துவிட்டது. பெரும்பாலானவை சரி. அவள் எழுதியவற்றில் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

(−6) × (−7) = 42
(−72) ÷ (−8) = 9
54 ÷ (−9) = −6
(−6) + (−7) = 13
(−48) ÷ 8 × (−2) = 3
−4² = 16

முதல் மூன்றும் சரி, பின் மூன்றும் தவறு என்று குறித்திருக்கிறார்கள். தவறுகளைப் பற்றிப் பிறகு பேசலாம். எனக்குத் தலைவலியாக இருப்பது சரியாகப் போட்ட முதல் கணக்குதான். அதைக் காட்டி, "இது ஏன் 42? ஏன் −42 இல்லை?" என்கிறாள். மைனஸும் மைனஸும் பிளஸ் என்றேன். "அது விதி. நான் காரணத்தைக் கேட்டேன்" என்று பதில் வந்தது. கடன் கதையைச் சொன்னேன். "கடனைக் கடனால் எப்படி அம்மா பெருக்குவது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த வயதுப் பிள்ளை தலையாட்டும்படியான காரணம் யாரிடமாவது இருக்கிறதா? x, y போட்ட நிரூபணம் வேண்டாம். எழுத்துகளைப் பார்த்தாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

விரிதாள்வாசி

உங்கள் மகள் எழுதியதுதான் சரி. தாளில் ஒரு கட்டத்தில் `=-4^2` என்று தட்டிப் பாருங்கள், 16 என்றுதான் காட்டும். −16 வேண்டுமானால் `=0-4^2` என்று தட்ட வேண்டும். இதில் தவறு என்று குறித்தவர் எந்த மென்பொருளைப் பயன்படுத்தினார்?

கொடிமுல்லை

இது காகிதத் தாள் ஐயா. பென்சிலால் போட்டது.

பழையகணக்கு

அம்மா, கடன் கதையில் குற்றமில்லை, சொன்ன விதத்தில்தான் கோளாறு. கணக்கெழுதியே தலை நரைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

கடனைக் கடனால் யாரும் பெருக்குவதில்லை. பெருக்கலில் முதல் எண் "எத்தனை முறை" என்று சொல்கிறது, இரண்டாவது எண் "எவ்வளவு" என்று சொல்கிறது. 6 × (−7) என்றால் தலா 7 கடன் உள்ள சீட்டுகள் ஆறு உங்கள் கைக்கு வந்து சேர்கின்றன. 42 அளவுக்கு நிலைமை மோசமாகிறது. (−6) × (−7) என்றால் அப்படிப்பட்ட சீட்டுகள் ஆறு உங்கள் கையிலிருந்து எடுக்கப்படுகின்றன. கடன் சீட்டு போனால் உங்களுக்கு லாபம்தானே? 42 அளவுக்கு நிலைமை மேம்படுகிறது. ஆகவே +42.

கூட்டலில் அவள் செய்த தவறும் இதிலேயே தெரிந்துவிடும். (−6) + (−7) என்றால் 6 கடன் இருக்கும் இடத்தில் இன்னொரு 7 கடன் வந்து சேர்கிறது. கடன் 13 ஆகும், எப்படி வரவு ஆகும்? "இரண்டு மைனஸ் பிளஸ்" என்று மொட்டையாகச் சொல்லிக்கொடுத்ததன் விளைவு இது. பெருக்கலுக்கான விதி கூட்டலுக்குள் புகுந்துவிட்டது.

வகுத்தலும் அப்படியே. 72 கடன், சீட்டு ஒன்றுக்கு 8, எத்தனை சீட்டு? ஒன்பது. 54 ÷ (−9) மட்டும் பெருக்கலைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஏன்தம்பி

பழையகணக்கு ஐயாவுக்கு மூன்று கேள்விகள்.

முதலாவது, முன்னால் மைனஸ் இருந்தால் "எடுப்பது" என்று வைத்துக்கொள்ளச் சொன்னது யார்? விடை + வர வேண்டும் என்று முன்பே தெரிந்ததால் அதற்கேற்ற கதையைத் தைத்திருக்கிறீர்கள். விடை − என்று பாடத்தில் இருந்திருந்தால் அதற்கும் ஒரு கதை தைத்திருப்பீர்கள்.

இரண்டாவது, உங்கள் கதையில் ஒரு எண் எண்ணிக்கை, இன்னொன்று தொகை. பிறகு எப்படி இரண்டையும் இடம் மாற்றலாம்? ஏழு சீட்டு, தலா ஆறு என்பது வேறு கதை அல்லவா?

மூன்றாவது, 54 ÷ (−9) வந்ததும் கதையைக் கைவிட்டுவிட்டு "திருப்பிப் போட்டுப் பார்" என்று நழுவிவிட்டீர்கள்.

பழையகணக்கு

தம்பி, நான் அந்தப் பெண்ணுக்குப் புரிய வைக்கப் பார்க்கிறேன். உங்களோடு வழக்காட வரவில்லை.

இரவுப்பறவை

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், இத்தனை வயதுக்குப் பிறகு மறுபடியும் இதே பாடம். எனக்குப் பிடிபட்டது வரிசை முறையில்தான்:

3 × (−7) = −21
2 × (−7) = −14
1 × (−7) = −7
0 × (−7) = 0

இடப்பக்கம் ஒன்று குறையக் குறைய விடை ஏழேழாக ஏறுகிறது. அடுத்த படி (−1) × (−7) = 7, அதற்கடுத்தது 14. இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

ஏன்தம்பி

அழகாக இருக்கிறது. ஆனால் பூச்சியத்தைத் தாண்டிய பிறகும் அதே வரிசை தொடர வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எழுதுங்கள். 3இன் தொலைவு 3, 2இன் தொலைவு 2, பிறகு 1, பிறகு 0. ஒவ்வொன்றாகக் குறைகிறது, அடுத்தது −1 என்று சொல்லிவிடுவீர்களா? −1இன் தொலைவு 1. வரிசை பூச்சியத்தில் முட்டித் திரும்பிவிட்டது. பெருக்கலிலும் அப்படித் திரும்பாது என்று எப்படித் தெரியும்?

(நான் வம்புக்குக் கேட்கவில்லை. எனக்கே இதற்கு நல்ல பதில் வேண்டும்.)

சுவடி

தம்பியின் கேள்வி நியாயமானது. அந்தப் பெண்ணின் கேள்வியும் அதேதான், அவள் சுருக்கமாகக் கேட்டுவிட்டாள்.

விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். 8 × 7 = 56. இதில் மைனஸ் எதுவும் இல்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை. இப்போது 8ஐ 10 − 2 என்றும் 7ஐ 10 − 3 என்றும் எழுதிக்கொண்டு பெருக்குவோம்.

கட்டம் போட்ட தாளில் 10 வரிசை, 10 பத்தி கொண்ட சதுரம் வரையச் சொல்லுங்கள். நூறு கட்டங்கள். எட்டு வரிசை போதும் என்பதால் அடியில் உள்ள 2 வரிசைகளைக் கோடிட்டு அடிக்க வேண்டும். 20 கட்டங்கள் போகின்றன. ஏழு பத்தி போதும் என்பதால் வலப்பக்கம் உள்ள 3 பத்திகளை வேறு வண்ணத்தில் அடிக்க வேண்டும், 30 கட்டங்கள். மிச்சம்?

100 − 20 − 30 = 50

ஆனால் அடிபடாத கட்டங்களை எண்ணினால் 56 இருக்கின்றன. ஆறு எங்கே தொலைந்தது? வலது கீழ் மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே 2க்கு 3 என்று ஆறு கட்டங்கள் இரண்டு வண்ணத்திலும் அடிபட்டிருக்கும். இருக்கும் கட்டத்தை ஒருமுறைதான் எடுக்க முடியும், நாம் கணக்கில் இருமுறை எடுத்துவிட்டோம். கூடுதலாக எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும்.

100 − 20 − 30 + 6 = 56

இப்போது அதே பெருக்கலைப் பகுதி பகுதியாக எழுதுங்கள். 10 × 10 = 100. 10 × (−3) = −30. (−2) × 10 = −20. கடைசியில் மிஞ்சுவது (−2) × (−3). அதன் இடத்தில் +6 வந்தால்தான் 56 வருகிறது. −6 போட்டால் 44 வரும்; 8 × 7 = 44 என்று ஒப்புக்கொள்ள அவள் தயாரா என்று கேளுங்கள்.

மைனஸ் × மைனஸ் என்பது இந்தப் படத்தில் அந்த மூலைதான். இரண்டு முறை எடுக்கப்பட்டதால் ஒருமுறை திரும்பி வருகிறது.

கொடிமுல்லை

இது எனக்கே இப்போதுதான் கண்ணில் படுகிறது. இன்று மாலை கட்டத் தாளும் வண்ணப் பென்சிலும் எடுத்து வைக்கிறேன்.

ஏன்தம்பி

மூலை விஷயம் மிக அருமை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அங்கே (−2) × (−3) தனியாக நிற்கவில்லை. நூறு கட்டங்களின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எடுப்பதற்கு ஏதோ இருந்ததால் எடுத்தீர்கள். தாளில் இருக்கும் (−6) × (−7) என்ற கணக்கில் பத்தும் இல்லை, சதுரமும் இல்லை. அங்கே எதை இருமுறை எடுத்தோம்?

சுவடி

சதுரத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய்ப் பாருங்கள். பத்துக்குப் பதிலாக 5 வைத்தால் (5 − 2) × (5 − 3), அதாவது 3 × 2. பகுதி பகுதியாக எழுதினால் 25 − 15 − 10 + 6 = 6. சரியாக வருகிறது. அடுத்து 2 வைப்போம். (2 − 2) × (2 − 3) என்பது 0 × (−1), விடை 0. பகுதிகள் 4 − 6 − 4 + 6, அதுவும் 0. கவனியுங்கள், இங்கே படம் ஏற்கெனவே உடைந்துவிட்டது; இரண்டு பத்தி உள்ள சதுரத்தில் மூன்று பத்தியை அடிக்க முடியாது. ஆனாலும் கணக்கு நேராகப் போகிறது, கடைசி +6 அசையவில்லை. இன்னும் இறங்கிப் பூச்சியத்தை வையுங்கள்: (0 − 2) × (0 − 3). முதல் மூன்று பகுதிகளும் 0. மீதம் நிற்பது +6 மட்டும். நீங்கள் கேட்ட தனியான (−2) × (−3) இதுதான்.

படமே வேண்டாம் என்றால் எண்களை மட்டும் வைத்து இரண்டே வரி. 2 + (−2) = 0. எதையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியம். ஆகவே,

(−3) × [2 + (−2)] = 0
(−3) × 2 + (−3) × (−2) = 0

முதல் பகுதி −6. அதோடு எதைக் கூட்டினால் பூச்சியம் வரும்? 6ஐத் தவிர வேறு எதுவும் வராது.

இரவுப்பறவையின் வரிசைக்கும் இதுதான் முதுகெலும்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு (−7) குறைவதால்தான் விடை ஏழேழாக ஏறியது. அடைப்புக்குறியைப் பிரித்துப் பெருக்கும் முறை பூச்சியத்துக்குக் கீழும் செல்லும் என்றால் வரிசை திரும்பாது. தொலைவுக்கு அந்தக் குணம் இல்லை, அதனால் அது திரும்பிவிட்டது.

ஏன்தம்பி

"செல்லும் என்றால்." அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் இது நாம் எடுத்த முடிவு, இயற்கையின் உண்மை அல்ல. சரிதானே?

சுவடி

ஆமாம், ஒரு வகையில் முடிவுதான். பிரித்துப் பெருக்கலாம் என்பது மிகை எண்களுக்குக் கண்ணால் பார்த்த உண்மை. குறை எண்களுக்கும் அதுவே பொருந்த வேண்டும் என்று நாம் விரும்பினோம். அந்த விருப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகு +6 தவிர வேறு வழியில்லை.

ஏற்க மறுத்து (−2) × (−3) = −6 என்று வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2 × (−3) என்பதும் −6. இரண்டு பெருக்கலுக்கும் ஒரே விடை. இப்போது (−6) ÷ (−3) கேட்டால் என்ன சொல்வீர்கள்? எதை −3ஆல் பெருக்கினால் −6 வரும் என்று தேடினால் 2 வரும், −2உம் வரும். ஒரே வகுத்தலுக்கு இரண்டு ஈவு. பயிற்சித் தாளில் வகுத்தல் பகுதியையே கிழித்துவிட வேண்டியதுதான்.

பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்திலேயே ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்ற விதி இருக்கிறது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஐரோப்பாவில் பெரிய தலைகள் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் அந்துவான் அர்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு சங்கடத்தை எழுப்பினார். 1 ÷ (−1) உம் (−1) ÷ 1 உம் சமம் என்கிறீர்கள். பெரியது சிறியதற்கு எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் சிறியது பெரியதற்கு எப்படி இருக்க முடியும் என்றார். அதனால் ஏழாம் வகுப்புப் பெண் நம்ப மறுப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஏன்தம்பி

அர்னோவின் கேள்விக்கு என்ன பதில்?

சுவடி

பெரியது சிறியது என்ற ஒப்பீட்டை விகிதத்தோடு கட்டி வைத்திருப்பது மிகை எண்களுக்கு மட்டும் சரிப்படும். ஈவு −1 என்பது "அளவு ஒன்றே, திசை எதிர்" என்று சொல்கிறது. யார் பெரியவர் என்று அது சொல்லவே இல்லை. எனக்கு இந்தப் பதில் போதும். உங்களுக்குப் போதுமா என்று தெரியாது.

ஏன்தம்பி

பாதி போதும்.

பழையகணக்கு

பிரம்மகுப்தரே ருணம், தனம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ருணம் என்றால் கடன். என்னை மட்டும் விரட்டினீர்களே!

சுவடி

ஐயா, விரட்டவில்லை. உங்கள் சீட்டுக் கதை வகுத்தலில் ஓர் இடத்தில் மிக நன்றாக வேலை செய்கிறது, அதை எல்லாரும் கவனிக்க வேண்டும்.

(−72) ÷ (−8) = 9 என்பதைச் சரிபார்க்க, 9 × (−8) = −72 என்று பார்த்தால் போதும். ஒன்பது முறை −8ஐக் கூட்டுவது, அவ்வளவுதான். இதில் மைனஸ் × மைனஸ் எங்குமே வரவில்லை. அதாவது மைனஸை மைனஸால் வகுத்தால் பிளஸ் என்பதற்கு அந்தச் சர்ச்சைக்குரிய விதியே தேவையில்லை. சீட்டுகளை எண்ணினால் முடிந்தது.

54 ÷ (−9) = −6 சாதுவாகத் தெரிகிறது, ஒரே ஒரு மைனஸ்தான். ஆனால் சரிபார்க்கும்போது (−6) × (−9) = 54 என்று எழுத வேண்டியிருக்கிறது. விதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. நீங்கள் இந்த இடத்தில் கதையை விட்டுவிட்டதும் அதனால்தான். 54 வரவுக்குள் எத்தனை 9 கடன் சீட்டு அடங்கும் என்று கேட்டால் ஒன்றும் அடங்காது.

பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரிசையும் இதன்படி அமைந்தால் நல்லது என்பது என் எண்ணம். (−72) ÷ (−8) போன்றவற்றைப் பெருக்கல் விதிக்கு முன்பே கொடுத்துவிடலாம். 54 ÷ (−9) பிறகு வரட்டும். பெரும்பாலான தாள்களில் நான்கு வகையையும் ஒரே அட்டவணையில் அடைத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

பழையகணக்கு

பெருக்கலை முடிக்காமல் வகுத்தலா? பிள்ளை குழம்பிப்போகும். இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரவுப்பறவை

தத்துவம் போதும், என் கதைக்கு வாருங்கள். (−48) ÷ 8 × (−2) இல் அந்தப் பெண் எழுதிய அதே 3ஐத்தான் நானும் மாதிரித் தேர்வில் எழுதினேன். எனக்கு ஒரு சூத்திரம் உண்டு. வரியில் எத்தனை மைனஸ் என்று எண்ணுவேன். இரட்டைப்படை என்றால் பிளஸ், ஒற்றைப்படை என்றால் மைனஸ். இங்கே இரண்டு மைனஸ், ஆகவே பிளஸ். அதுவும் சரியாகத்தான் வந்தது. ஆனால் எண் தவறு. இன்னொரு கணக்கில், (−2) × (−3) + (−4) × 5, மூன்று மைனஸ் இருக்கிறது, விடை மைனஸ் என்று முடிவு செய்து 6உம் 20உம் கூட்டி −26 எழுதினேன். விடைக்குறிப்பில் −14. சூத்திரம் ஏன் ஏமாற்றுகிறது?

சுவடி

இரண்டும் வேறு வேறு நோய்.

முதல் கணக்கில் குறி சரி, வரிசை தவறு. வகுத்தலும் பெருக்கலும் சரிசமம். இடமிருந்து வலமாகப் போக வேண்டும். (−48) ÷ 8 = −6, பிறகு (−6) × (−2) = 12. நீங்கள் முதலில் 8 × (−2) = −16 என்று முடித்துவிட்டு −48ஐ அதனால் வகுத்திருக்கிறீர்கள். இந்தத் தவறில் குறி காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் எந்த வரிசையில் செய்தாலும் மைனஸ்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதனால்தான் ஆளுக்கு நம்பிக்கையோடு 3 வருகிறது. சோதிக்க ஒரு வழி: விடையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். 3 ÷ (−2) × 8 = −12. −48 வரவில்லை. 12 ÷ (−2) × 8 = −48, வந்துவிட்டது.

இரண்டாவதில் மைனஸ்களை எண்ணும் முறையை எல்லை தாண்டிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பெருக்கலாலும் வகுத்தலாலும் மட்டும் கோத்த துண்டுக்குள்தான் எண்ண வேண்டும். நடுவில் கூட்டல் வந்துவிட்டால் துண்டு அங்கே முடிகிறது, எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. (−2) × (−3) ஒரு துண்டு, 6. (−4) × 5 இன்னொரு துண்டு, −20. இரண்டையும் கூட்டினால் −14. அந்தப் பெண்ணின் (−6) + (−7) = 13க்கும் வேர் இதுவே. அங்கே ஒவ்வொரு துண்டிலும் ஒரே மைனஸ்தான் இருக்கிறது, அதைப் பிளஸ் ஆக்க எதுவும் இல்லை.

எண்ணுவது எதை என்பதிலும் கவனம் வேண்டும். 5 − (−3) × 2 இல் முதலில் வரும் மைனஸ் கழிக்கச் சொல்லும் குறி; துண்டு (−3) × 2, அதன் விடை −6. பிறகு 5 − (−6) = 11.

இரவுப்பறவை

துண்டு துண்டாக எண்ணுவது. குறித்துக்கொண்டேன். பின்னோக்கிப் போகும் சோதனைக்குத் தேர்வில் நேரம் இருக்காது என்றாலும்.

விரிதாள்வாசி

நான் வேறு தாள் என்று நினைத்துவிட்டேன், போகட்டும். ஆனால் −4² பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. காகிதத்தில் ஏன் −16? எனக்கு இது உண்மையிலேயே இடிக்கிறது, தினமும் 16 பார்த்துப் பழகியவன்.

சுவடி

காகித வழக்கில் அடுக்கு, தனக்கு ஒட்டியிருக்கும் எண்ணை மட்டும்தான் பிடிக்கும். −4² என்றால் முதலில் 4² = 16, பிறகு முன்னால் உள்ள மைனஸ், ஆக −16. மைனஸையும் சேர்த்து இருபடியாக்க வேண்டுமானால் (−4)² என்று அடைப்புக்குறி போட வேண்டும்; அப்போது (−4) × (−4) = 16. உங்கள் விரிதாள், முன்னால் நிற்கும் மைனஸை அடுக்குக்கு முன்பே எண்ணோடு ஒட்டிவிடுகிறது. `=0-4^2` இல் அதே மைனஸ் கழித்தல் ஆகிவிடுவதால் அடுக்கு முந்திக்கொள்கிறது. பைத்தானில் `-4**2` தட்டினால் காகித வழக்குப்படி −16 தரும்.

ஏன்தம்பி

அப்படியானால் அந்தக் கணக்கு அவளுடைய மைனஸ் அறிவைச் சோதிக்கவே இல்லை, எழுதும் வழக்கத்தைச் சோதிக்கிறது. இந்தத் தாளில் அதற்கு என்ன வேலை?

பழையகணக்கு

வேலை இருக்கிறது. வழக்கம் தெரியாமல் மேல் வகுப்புக்குப் போனால் அங்கே அடி விழும். இப்போதே ஒரு மதிப்பெண் போகட்டும்.

ஏன்தம்பி

ஒரு மதிப்பெண்ணைப் பறித்தால் வழக்கம் வந்துவிடுமா? பக்கத்தில் (−4)² ஐயும் வைத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லியிருக்கலாம்.

கொடிமுல்லை

எல்லாருக்கும் நன்றி. கட்டத் தாளில் வரைந்தாள். 8 × 7 எடுக்காமல் தானாகவே 9 × 6 எடுத்துக்கொண்டாள், நான் விடையைத் தயாராக வைத்திருப்பேன் என்ற சந்தேகம். அடியில் ஒரு வரிசை நீலம், பக்கத்தில் நான்கு பத்தி சிவப்பு. 100 − 10 − 40 = 50 என்று எழுதிவிட்டு 54 வரவில்லையே என்று பார்த்தாள். மூலையில் ஊதாவாகத் தெரிந்த நான்கு கட்டங்களைத் தானே கண்டுபிடித்து, "இதை இரண்டு தடவை வெட்டிவிட்டேன்" என்றாள். பக்கத்தில் (−1) × (−4) = 4 என்று எழுதியது அவளேதான்.

ஏன்தம்பியின் சந்தேகம் அவளுக்கு வரவில்லை. வேறொன்று வந்தது. தாளின் பின்பக்கத்தில் (−1) × (−2) × (−3) = −6 என்று ஒரு கணக்கு இருக்கிறது. "இரண்டு மைனஸுக்குச் சதுரம் என்றால் மூன்று மைனஸுக்குப் பெட்டி வரைய வேண்டுமா? அங்கே மூலை திரும்பி வராமல் ஏன் போகிறது?" என்று கேட்கிறாள். எனக்குப் பெட்டி வரைய வராது.

ஏன்தம்பி

இதை நான் போடுகிறேன்.

9 × 8 × 7 = 504. பத்துக்குப் பத்துக்குப் பத்து என்று அடுக்கிய 1000 சிறு கட்டைகள் கொண்ட பெட்டி. ஒரு பக்கம் 1 பலகை, இன்னொரு பக்கம் 2, மூன்றாவது பக்கம் 3 பலகை சீவ வேண்டும். பலகை ஒன்றுக்கு 100 கட்டைகள், ஆக 600 போகிறது.

இரண்டு பக்கச் சீவல்கள் சந்திக்கும் விளிம்புகளில் இருமுறை எடுத்துவிட்டோம். அந்த விளிம்புகளில் 1 × 2 × 10, 1 × 3 × 10, 2 × 3 × 10, அதாவது 20, 30, 60 கட்டைகள். மொத்தம் 110 திருப்பித் தருகிறோம்.

1000 − 600 + 110 = 510

ஆறு அதிகம். மூன்று சீவல்களும் சந்திக்கும் மூலையில் 1 × 2 × 3 என்று ஆறு கட்டைகள். அவற்றை மூன்று முறை எடுத்தோம், மூன்று விளிம்பிலும் சேர்ந்ததால் மூன்று முறை திருப்பித் தந்தோம். கடைசியில் அவை எடுக்கப்படவே இல்லை! இன்னும் ஒருமுறை எடுக்க வேண்டும்.

510 − 6 = 504

அந்த −6 தான் (−1) × (−2) × (−3).

சுவடி

நன்று தம்பி. பெட்டியைத் தாளில் வரைவதைவிடச் சிறு கனசதுரக் கட்டைகள் கிடைத்தால் 3 × 3 × 3 அடுக்கி, பக்கத்துக்கு ஒரு பலகை எடுக்கச் சொல்லுங்கள். 27 − 27 + 9 − 1 = 8. இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு மிஞ்ச வேண்டும், மிஞ்சும்.

பழையகணக்கு

நான்கு மைனஸ் வந்தால் எதை அடுக்குவீர்கள்? என் சீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஏன்தம்பி

நான்கு மைனஸுக்குச் சீட்டுக் கதையை முழுதாக எழுதிக் காட்டுங்கள் ஐயா, படிக்கக் காத்திருக்கிறேன்.